ரைட்ஸ் வெளியீடு: பங்கு விலை எங்கே இறங்கும், உங்கள் கையிலுள்ள உரிமை எவ்வளவு பெறும்?

உங்களிடம் ஒரு நிறுவனத்தின் 200 பங்குகள் இருக்கின்றன. நேற்று மாலை சந்தை முடிந்தபோது ஒரு பங்கு 180 ரூபாய். இன்று காலை அதே பங்கு 170 ரூபாய்க்குத் திறக்கிறது. கெட்ட செய்தி எதுவும் இல்லை, சந்தையும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கணக்கில் 2,000 ரூபாய் குறைந்து நிற்கிறது.

அந்த 2,000 ரூபாய் தொலைந்துபோகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நிறுவனம் ரைட்ஸ் வெளியீடு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் புதுப் பங்கு தரும் வெளியீடு, அறிவித்திருக்கிறது. பங்கிலிருந்து இறங்கிய மதிப்பு, புதுப் பங்கு வாங்கும் உரிமையாகச் சில நாளில் உங்கள் டீமேட் கணக்குக்கு வந்து சேரும். அந்த உரிமையை ஒன்று பயன்படுத்த வேண்டும், அல்லது விற்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால் அந்த 2,000 ரூபாய் உண்மையிலேயே போய்விடும். இந்த அத்தியாயம் அந்தத் தொகையைக் கணக்கிடுவதற்கும் காப்பாற்றுவதற்கும்.

முதல் கணக்கு: உரிமை கழிந்த பின் விலை

மேலே சொன்ன நிறுவனத்தின் அறிவிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 4 பங்குக்கும் 1 புதுப் பங்கு. வெளியீட்டு விலை 130 ரூபாய். முழுப் பணமும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும்.

பதிவு தேதியன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கே உரிமை. அதற்கு ஏற்ற கடைசி நாள்வரை பங்கை வாங்குபவருக்கு உரிமையும் சேர்ந்து கிடைக்கும். அப்போதைய விலையைச் சந்தையில் கம்-ரைட்ஸ் விலை என்பார்கள். மறுநாளிலிருந்து வாங்குபவருக்குப் பங்கு மட்டும்தான், உரிமை பழைய உரிமையாளரிடமே தங்கிவிடும். அந்த விலை எக்ஸ்-ரைட்ஸ் விலை. இந்தியாவில் மறுநாளே பங்கு கைமாறும் முறை 2023 ஜனவரியில் முழுமையாக வந்த பிறகு, பெரும்பாலும் பதிவு தேதியும் எக்ஸ்-ரைட்ஸ் நாளும் ஒரே நாளாகிவிட்டன. ஆகவே உரிமை வேண்டுமென்றால் பதிவு தேதிக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும்.

எக்ஸ்-ரைட்ஸ் விலை எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 4 பழைய பங்கும் 1 புதுப் பங்கும் சேர்ந்த ஒரு கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

4 பழைய பங்கின் மதிப்பு: 4 × 180 = 720 ரூபாய்
1 புதுப் பங்குக்காக நிறுவனத்துக்குள் வரும் பணம்: 130 ரூபாய்
மொத்தம் 850 ரூபாய், 5 பங்கு
ஒரு பங்குக்கு: 850 ÷ 5 = 170 ரூபாய்

இதுதான் கோட்பாட்டு எக்ஸ்-ரைட்ஸ் விலை. இனி சுருக்கமாகக் கணக்கு விலை என்போம். புதுப் பங்குக்கும் பழைய பங்குக்கும் பிறகு எந்த வேறுபாடும் இருக்காது, இரண்டும் ஒரே விலையில்தான் விற்கும். அதனால்தான் இரண்டு விலைகளையும் எண்ணிக்கைக்குத் தக்கபடி கலந்து சராசரி எடுக்கிறோம்.

இரண்டாம் கணக்கு: ஓர் உரிமையின் மதிப்பு

170 ரூபாய் பெறும் பங்கை 130 ரூபாய்க்கு வாங்க ஓர் உரிமை உதவுகிறது. எனவே அதன் மதிப்பு 170 − 130 = 40 ரூபாய். உங்கள் 200 பங்குக்கு 50 உரிமை. 50 × 40 = 2,000 ரூபாய். காலையில் குறைந்த தொகையும் இதுவே.

இங்கே பலர் இடறுகிறார்கள். பழைய பாடநூல்கள் ஓர் உரிமை என்று சொல்லும்போது, ஒரு பழைய பங்கோடு ஒட்டியிருக்கும் உரிமையைக் குறிக்கின்றன. ஒரு புதுப் பங்கு வாங்க 4 பழைய பங்கு தேவை என்பதால் அந்த மதிப்பு 40 ÷ 4 = 10 ரூபாய். பங்கு விலை 180-இலிருந்து 170-க்கு இறங்கிய அதே 10 ரூபாய். பாடநூல் இதற்கு இரண்டு வழி தரும்:

கம்-ரைட்ஸ் விலையிலிருந்து: (180 − 130) ÷ (4 + 1) = 10
எக்ஸ்-ரைட்ஸ் விலையிலிருந்து: (170 − 130) ÷ 4 = 10

முதல் வழியில் வகுப்பது 5-ஆல், இரண்டாவதில் 4-ஆல். கம்-ரைட்ஸ் விலைக்குள் உரிமையின் மதிப்பும் ஒளிந்திருப்பதால்தான் அந்த ஒன்று கூடுகிறது. வழியை மாற்றிப் போட்டால் விடை தவறும்.

ஆனால் இன்று உங்கள் டீமேட் கணக்கில் வந்து சேர்வது வேறு அளவு. அதை ரைட்ஸ் என்டைட்டில்மென்ட் என்கிறார்கள், சுருக்கமாக ஆர்.இ. ஓர் ஆர்.இ. என்றால் ஒரு முழுப் புதுப் பங்கு வாங்கும் உரிமை. அதன் மதிப்பு 40 ரூபாய், 10 அல்ல. பாடநூல் எண்ணை வைத்துக்கொண்டு 50 ஆர்.இ.க்கு 500 ரூபாய்தான் பெறும் என்று நினைத்தால், 2,000 ரூபாய்ப் பொருளைக் கால்விலைக்குக் கொடுத்துவிடுவீர்கள். கணக்கைத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பேசுவது பழைய பங்குக்கான மதிப்பா, புதுப் பங்குக்கான மதிப்பா? சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. 200 பழைய பங்கு × 10, 50 ஆர்.இ. × 40 ஆகிய இரண்டும் ஒரே தொகை தர வேண்டும்.

நான்கு முடிவுகளும் அவற்றின் விளைவும்

உங்கள் தொடக்கச் சொத்து 200 × 180 = 36,000 ரூபாய். பங்கு கணக்கு விலையான 170-இலேயே நிற்கிறது என்று கொண்டு ஒவ்வொரு முடிவையும் பார்ப்போம்.

1. முழுதாக விண்ணப்பிக்கிறீர்கள். 50 பங்குக்கு 6,500 ரூபாய் கட்டுகிறீர்கள். இப்போது 250 பங்கு × 170 = 42,500. கட்டிய 6,500-ஐக் கழித்தால் 36,000. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

2. 50 ஆர்.இ.யையும் விற்கிறீர்கள். 2,000 ரூபாய் ரொக்கம், 200 × 170 = 34,000 ரூபாய்ப் பங்கு. மொத்தம் 36,000.

3. கைப்பணம் போடாமல் முடிந்த அளவு புதுப் பங்கு வாங்குகிறீர்கள். 39 ஆர்.இ.யை விற்றால் 1,560 ரூபாய் வரும். அதில் 11 பங்குக்கு 1,430 கட்டி, 130 மிச்சம். 211 × 170 = 35,870. மிச்சத்தையும் சேர்த்தால் 36,000.

4. ஒன்றும் செய்யவில்லை. 200 × 170 = 34,000. அவ்வளவுதான். 2,000 ரூபாய் நட்டம்.

முதல் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எனவே எந்த வழி அதிக லாபம் என்று தேட வேண்டியதில்லை. இந்த நிறுவனத்தில் இன்னும் பணம் போட விரும்புகிறேனா என்பது மட்டுமே உங்கள் முன்னுள்ள கேள்வி. ஆம் என்றால் விண்ணப்பியுங்கள், இல்லை என்றால் விற்றுவிடுங்கள். நான்காவது மட்டுமே தவறான முடிவு. பிரிட்டனில் வழக்கமான ரைட்ஸ் வெளியீட்டில், எடுக்கப்படாத உரிமைக்கான பங்குகளை விற்று, வெளியீட்டு விலைக்கு மேல் கிடைத்ததைத் தூங்கிவிட்ட பங்குதாரருக்கே அனுப்புவார்கள். இந்தியாவில் அந்த ஏற்பாடு இல்லை. வெளியீடு முடியும் நாளில் ஆர்.இ. காலாவதியாகிவிடும், எடுக்காத பங்குகள் கூடுதலாகக் கேட்டவர்களுக்குப் போகும்.

தள்ளுபடி என்பது பரிசா?

180 ரூபாய்ப் பங்கு 130-க்குக் கிடைக்கிறது என்றதும் 50 ரூபாய் இனாம் என்று தோன்றும். அது இனாம் அல்ல என்பதை ஒரு மாற்றுக் கணக்கு காட்டிவிடும்.

அதே நிறுவனம் அதே அளவு பணம் திரட்ட, வெளியீட்டு விலையை 65 ரூபாயாகப் பாதியாக்கி, 2 பங்குக்கு 1 புதுப் பங்கு என்று அறிவித்திருந்தால்? கணக்கு விலை (2 × 180 + 65) ÷ 3 = 141.67 ரூபாய். உங்கள் 200 பங்குக்கு 100 உரிமை, கட்ட வேண்டியது அதே 6,500 ரூபாய். பிறகு உங்களிடம் 300 × 141.67, அதாவது 42,500 ரூபாய். முன்பு வந்த அதே தொகை.

தள்ளுபடி இரட்டிப்புக்கும் மேலாகியும் விண்ணப்பித்தவருக்கு ஒரு பைசாகூடக் கூடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. சும்மா இருந்தவரின் நட்டம் 2,000-இலிருந்து ஏறத்தாழ 7,667 ரூபாயாக உயர்ந்துவிட்டது. வெளியீட்டு விலை எவ்வளவு மலிவோ அவ்வளவு விலை உயர்ந்தது அலட்சியம். பெரிய தள்ளுபடி என்ற செய்தியைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் நாள்காட்டியில் தேதியைக் குறித்துவையுங்கள்.

கணக்கு விலையும் சந்தை விலையும் ஏன் பொருந்துவதில்லை?

கணக்கு விலை ஓர் அனுமானத்தில் நிற்கிறது: நிறுவனத்துக்குள் போகும் 130 ரூபாய் அங்கேயும் 130 ரூபாயாகவே இருக்கும் என்பது. அந்தப் பணத்தை நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்பதில் சந்தைக்குத் தனி மதிப்பீடு உண்டு. நம் கட்டுக்கே திரும்புவோம். புதிய தொழிற்சாலை கட்டுக்கு 20 ரூபாய் கூடுதல் மதிப்பைத் தரும் என்று சந்தை நம்பினால், விலை (720 + 130 + 20) ÷ 5 = 174-இல் நிற்கும். பணம் வீணாகும், 30 ரூபாய் கரையும் என்று அஞ்சினால் (720 + 130 − 30) ÷ 5 = 164.

ஆகவே 180-இலிருந்து 170 வரையான இறக்கம் வெறும் பங்கீடு. 170-க்கு மேலோ கீழோ நடப்பதுதான் செய்தி. அதிலும் அன்றைய பொதுச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் திட்டம் சில வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால், சந்தையின் தீர்ப்பு 180 என்ற கம்-ரைட்ஸ் விலைக்குள்ளேயே ஏற்கெனவே கலந்திருக்கும்.

இன்னொரு பிழை சற்று நுட்பமானது. பல வரைபடங்களும் செயலிகளும் எக்ஸ்-ரைட்ஸ் நாளுக்குப் பிறகு பழைய விலைகளைத் திருத்திக் காட்டும். 170 ÷ 180 என்ற விகிதத்தில் குறைத்து, நேற்றைய 180-ஐ 170 என்று காட்டக்கூடும். அதைக் கம்-ரைட்ஸ் விலை என்று நினைத்துச் சூத்திரத்தில் போட்டால் (4 × 170 + 130) ÷ 5 = 162 வரும். ஒரே இறக்கத்தை இரண்டு முறை கழித்துவிட்டோம். எக்ஸ்-ரைட்ஸ் நாளுக்கு முந்தைய மாலை பங்குச் சந்தை வெளியிட்ட, திருத்தப்படாத முடிவு விலையையே எடுங்கள்.

எக்ஸ்-ரைட்ஸ் நாள் கடந்துவிட்டால் கணக்கு விலையின் வேலை முடிந்தது. பிறகு சந்தையில் உண்மையில் நிற்கும் விலையிலிருந்து 130-ஐக் கழியுங்கள். பங்கு 172 என்றால் ஆர்.இ. 42 பெற வேண்டும். பங்கு 130-க்கும் கீழே போய்விட்டால் ஆர்.இ.யின் மதிப்பு சுழி. எதிர்மறையாகாது, ஏனென்றால் விண்ணப்பிக்கும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆர்.இ. சந்தையில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

செபி 2020 ஜனவரியில் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு ஆர்.இ. தனி அடையாள எண்ணோடு டீமேட் கணக்குக்கு வருகிறது. வெளியீடு திறந்த பின் சில நாட்களுக்குப் பங்குபோலவே வாங்கி விற்கலாம். அங்கே ஒரு கூட்டலை மட்டும் செய்யுங்கள்: ஆர்.இ. விலையோடு வெளியீட்டு விலையைச் சேர்த்து, பங்கின் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள்.

பங்கு 172, ஆர்.இ. 36 என்றால் 36 + 130 = 166. புதிதாகப் பங்கு வாங்க நினைப்பவருக்கு ஆர்.இ. வழி 6 ரூபாய் மலிவு. உரிமை வைத்திருப்பவர் இந்த விலையில் அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஆர்.இ. 45 என்றால் 175. அப்போது ஆர்.இ.யை விற்றுவிட்டு, பங்கு வேண்டுமானால் நேரடியாகச் சந்தையில் 172-க்கு வாங்குவது மேல்.

சிறிய இடைவெளிகளை நம்பி ஓட வேண்டாம். ஆர்.இ. வழியில் போனால் பங்கு ஒதுக்கப்பட்டுக் கைக்கு வரும்வரை பணம் முடங்கியிருக்கும், அதற்குள் விலை மாறலாம், தரகும் உண்டு. கணக்கு மதிப்புக்குச் சற்றுக் கீழே ஆர்.இ. விற்பனையாவதற்கு இவை காரணம்.

மிகப் பெரிய இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. 36 ரூபாய்க்கு ஆர்.இ. வாங்கியவர் சிலர், பங்கையே மலிவாக வாங்கிவிட்டதாக நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆர்.இ. வாங்கியது பாதி வேலைதான். தனியாக விண்ணப்பித்து 130 ரூபாயும் கட்டினால்தான் பங்கு வரும். இல்லாவிட்டால் போட்ட 36-ம் போய்விடும்.

தவணையில் பணம் கட்டும் வெளியீடு: ரிலையன்ஸ், 2020

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 2020 மே மாதம் சுமார் 53,125 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் வெளியிட்டது. 15 பங்குக்கு 1 புதுப் பங்கு, விலை 1,257 ரூபாய். விண்ணப்பிக்கும்போது 314.25 ரூபாய் கட்டினால் போதும். அடுத்த 314.25 ரூபாய் 2021 மே மாதம், மீதி 628.50 ரூபாய் 2021 நவம்பரில்.

கணக்குக்காகக் கம்-ரைட்ஸ் விலையை 1,450 என்று கொள்வோம். (15 × 1,450 + 1,257) ÷ 16 = 1,437.94. ஆர்.இ. மதிப்பு 1,437.94 − 1,257, ஏறத்தாழ 181 ரூபாய். முதல் தவணையை மட்டும் கழித்து, 1,437.94 − 314.25 என்று போட்டு 1,124 ரூபாய் பெறும் என்று சொன்னால் அது பெரும் பிழை. மீதி 942.75 ரூபாய் கடன்போல அந்தப் பங்கின் தலையில் நிற்கிறது.

ஆனால் 181-உம் முழு விடை அல்ல. அந்த 942.75 ரூபாயை ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் கழித்துக் கட்டினால் போதும் என்பது வட்டியில்லாக் கடன். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் அந்தச் சலுகை, அடுத்த தவணையான 314.25-க்குச் சுமார் 21 ரூபாய், 628.50-க்குச் சுமார் 61 ரூபாய், மொத்தம் 80-ஐ ஒட்டி வரும். கட்டிய பணத்தின் அளவுக்கே ஈவுத்தொகை கிடைக்கும் என்பதால் அதில் கொஞ்சம் கழியும். தவணை வெளியீட்டில் ஆர்.இ. எளிய சூத்திரத்தைவிட அதிக விலைக்குப் போனால் அது சந்தையின் பைத்தியம் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

தேதிகளையும் கவனியுங்கள். ஆர்.இ. விற்பனை மே 20-இல் தொடங்கி மே 29-இல் நின்றது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 3. விற்பதற்கான கதவு முதலில் மூடும், விண்ணப்பத்துக்கான கதவு பிறகு மூடும். எல்லா வெளியீட்டிலும் இதே வரிசைதான். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் விற்கும் வழி அடைபட்டு, பணம் கட்டுவது மட்டுமே மிஞ்சும்.

செய்யும் வரிசை

அறிவிப்பு வந்ததும் விகிதம், வெளியீட்டு விலை, தவணை உண்டா, பதிவு தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரைட்ஸ் நாளுக்கு முந்தைய முடிவு விலையைக் கொண்டு கணக்கு விலையையும் ஆர்.இ. மதிப்பையும் போடுங்கள்.

டீமேட் கணக்கில் ஆர்.இ. எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். விகிதத்தில் பின்னம் வந்தால் விட்டுவிடுவார்கள். 202 பங்குக்கும் 50 ஆர்.இ.தான் வரும். கூடுதல் பங்குக்கு விண்ணப்பித்தால், பின்னம் இழந்தவருக்கு ஒரு பங்கு முன்னுரிமையாகக் கிடைக்கும்.

ஆர்.இ. விற்பனை முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடிவெடுங்கள். விற்றால், பழைய பங்குதாரருக்கு ஆர்.இ.யின் வாங்கிய விலை சுழி என்றே வருமான வரிச் சட்டம் கொள்கிறது. கிடைத்த தொகை முழுதும் மூலதன ஆதாயம், கணக்கில் காட்ட வேண்டும்.

பயிற்சி

உங்களிடம் 300 பங்கு. 5 பங்குக்கு 2 புதுப் பங்கு, விலை 61 ரூபாய். கம்-ரைட்ஸ் விலை 96. கணக்கு விலை, ஆர்.இ. மதிப்பு, சும்மா இருந்தால் வரும் நட்டம் மூன்றையும் காணுங்கள்.

விடை: (5 × 96 + 2 × 61) ÷ 7 = 602 ÷ 7 = 86 ரூபாய். ஆர்.இ. மதிப்பு 86 − 61 = 25 ரூபாய். உங்களுக்கு 120 ஆர்.இ., எனவே நட்டம் 3,000 ரூபாய். சரிபார்ப்பு: பழைய பங்கு 96-இலிருந்து 86-க்கு இறங்கியது 10 ரூபாய், 300 × 10 = 3,000. இரண்டு வழியும் ஒரே எண்ணில் முடிந்தால் உங்கள் கணக்கு சரி.